கலைச்சொல் வேண்டுகை: துளைக்கருவியின் ‘சக்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்விழி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

கருவிகளை இரவல் கொடுக்கும் ஒரு குழுவுக்காக, பெயர் அழிந்துபோன பழைய மின்கருவிகளை அடையாளம் காண உதவும் சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது; ஒரே ஒரு சொல்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. துளைக்கருவியின் மூக்கில் இருந்து பிட்டைப் பிடித்துக்கொள்ளும் பாகம், அதாவது ‘சக்’. கையேட்டில் அது இருபத்தாறு இடங்களில் வருகிறது. நான் சில இடங்களில் ‘கவ்வி’ என்றும் சில இடங்களில் ‘இறுக்கி’ என்றும் எழுதிவைத்திருக்கிறேன். ஒரே சொல்லாக ஆக்க வேண்டும்.

சூழல் புரிவதற்காகக் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கருவியின் மேல் பெயர் இல்லை, நிறமும் மங்கிவிட்டது. சக்கின் கழுத்தில் ‘1.5–13 மி.மீ.’ என்றும் ‘1/2-20 யு.என்.எஃப்.’ என்றும் பொறித்திருக்கிறது. மோட்டார்ப் பக்கத்துத் தகட்டில் வாட் எண் தேய்ந்துவிட்டது. 230 வோல்ட் தெரிகிறது. சுமையில்லாத வேகம் நிமிடத்துக்கு 0–2800, அதன் கீழே ஒரு சுத்தியல் படத்தோடு 0–44800, கடைசியில் சதுரத்துக்குள் ஒரு சதுரம். இது வீட்டுப் பழுதுவேலைக்கு ஏற்றதா என்பதே கேள்வி.

இனியன் எழுதியது:

அக்கா, ‘கவ்வி’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். கவ்வுவதால் கவ்வி, காரணப்பெயர், மூன்றெழுத்து, இதைவிட என்ன வேண்டும்?

எடுத்துக்காட்டுக்கும் விடை எளிது. 13 மி.மீ. என்றால் சுவரில் 13 மி.மீ. துளை போடலாம். நிமிடத்துக்கு 44800 அடி என்றால் மிக வலுவான சுத்தியல் கருவி. கான்கிரீட்டுக்கும் ஏற்றது என்று எழுதிவிடலாம்.

மாடசாமி எழுதியது:

தம்பி இனியன், பாதி சரி, பாதி ஆபத்து. நான் முப்பது ஆண்டுகளாக இந்தக் கருவிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன். கான்கிரீட்டுக்கு ஏற்றது என்று அச்சில் வந்துவிட்டால் யாராவது அதை நம்பிக் கருவியைக் கருக்கிவிடுவார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

13 மி.மீ. என்பது சக்கின் வாய் எவ்வளவு விரியும் என்ற கணக்கு. அதாவது பிட்டின் காம்பு எவ்வளவு தடிமன் வரை உள்ளே போகும் என்பது. துளையின் அளவு வேறு. காம்பு மெலிந்த பிட்டைப் பூட்டி மரத்தில் 25 மி.மீ. துளைகூடப் போடலாம். அதே கருவியில் கான்கிரீட்டில் 13 மி.மீ. போடத் தொடங்கினால் பாதியிலேயே திணறும்.

அடுத்தது 44800. அதை 2800ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 16 வருகிறது. இதுதான் கருவியை அடையாளம் காட்டும் குறி. உள்ளே பல் வெட்டிய இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்று சக்கோடு சுழலும், மற்றொன்று அசையாது. நாம் கருவியைச் சுவரில் அழுத்தும்போது ஒன்றின் பற்கள் மற்றொன்றின் பற்கள்மேல் ஏறி ஏறி விழுகின்றன. ஒரு சுற்றுக்குப் பதினாறு துள்ளல். பற்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் வகுத்தால் இப்படி ஒரு முழு எண் கிடைக்கும். தகடு முழுவதும் தேய்ந்திருந்தாலும் வழி உண்டு. மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிட்டு, சுத்தியல் குறிக்குத் திருப்பி, மூக்கை ஒரு பலகையில் அழுத்திக்கொண்டு சக்கைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ‘கடக் கடக்’ என்று விரலில் தட்டும். அழுத்தத்தை விட்டால் தட்டாது. அதை எண்ணிவிடலாம்.

இந்த அடி ஒவ்வொன்றும் மிகச் சிறியது. அதற்கு வலுக் கொடுப்பது நம் தோள்தான். உண்மையான சுத்தியல் துளைக்கருவியில் காற்றுக்குழலுக்குள் பிஸ்டன் ஓடி அடிக்கும். அங்கே அடிகளின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் என்ற அளவில்தான் இருக்கும்; ஆனால் ஒவ்வோர் அடியும் கனமானது, அதைத் தகட்டில் ஜூல் கணக்கில் போட்டிருப்பார்கள். எண்ணிக்கை பெரியதாகவும் ஜூல் இல்லாமலும் இருந்தால் அது பல்தட்டுக் கருவி.

சொல்லைப் பற்றி: பட்டறையில் ‘கவ்வி’ என்றால் பலகையை மேசையோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப்தான் நினைவுக்கு வரும். ‘இறுக்கி’யும் உதவாது. நான் சொன்ன காற்றுச் சுத்தியலில் எஸ்.டி.எஸ். என்ற வகை மூக்கு இருக்கும். அதில் பிட்டை யாரும் இறுக்குவதில்லை. 10 மி.மீ. காம்பில் வெட்டிய பள்ளங்களில் குண்டுகள் விழுந்து பிட் வெளியே வராமல் தடுக்கும். ஆனால் பிட் முன்னும் பின்னும் தாராளமாக ஆடும். ஆடத்தான் வேண்டும், அப்போதுதான் பிஸ்டனின் அடி அதன்மேல் விழும். இறுக்காத ஒன்றை இறுக்கி என்பது எப்படி?

பொன்னம்பலம் எழுதியது:

மாடசாமி அவர்களின் விளக்கம் என்னை ஒரு பழைய சொல்லிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இறுக்குவதும் இறுக்காமல் விடுவதும் இரண்டுமே நடக்கிற பாகம் என்றால், இரண்டுக்கும் பொதுவான தொழில் எது? பிட்டைத் தனக்குள்ளே வைத்துக்கொள்வது.

தொல்காப்பிய உரியியலில் ‘கவவு அகத்திடுமே’ என்ற நூற்பா இருக்கிறது. கவவு என்றால் உள்ளே இடுதல், அகப்படுத்துதல். சக் செய்யும் வேலையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்தில், காதலர் பிரியாமல் இருக்கட்டும் என்று வாழ்த்துகிறவர்கள் ‘கவவுக்கை ஞெகிழாமல்’ என்கிறார்கள். அணைத்த கை நெகிழக் கூடாது. பிட்டைப் பிடித்த வாயும் நெகிழக் கூடாது! ‘கவ்வு’ என்ற வினையும் ‘கவவு’ என்ற சொல்லும் ஒரே வேரின் கிளைகள் என்றே நான் கருதுகிறேன். கவை, கவான், கவடு என்று இரண்டாகப் பிரிந்து ஒன்றை இடையில் ஏற்கும் சொற்களெல்லாம் இந்தக் குடும்பத்தில் வைத்து ஆராயத்தக்கவை. கவட்டை மரத்தின் வடிவத்தை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என் பரிந்துரை: கவவு. எஸ்.டி.எஸ். வகைக்குச் செருகு கவவு, சாவியால் பூட்டுவதற்குச் சாவிக் கவவு.

ஜெயந்தி எழுதியது:

நீங்கள் சக்கைப் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் கருவியில் சக்கின் மூன்று தாடைகளில் ஒன்று உடைந்துவிட்டது. புதிதாக 10 மி.மீ. சக் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பழையது கழலவே மாட்டேன் என்கிறது. வாயை விரித்துப் பார்த்தால் அடியில் ஒரு திருகு தெரிகிறது. அதை இடப்பக்கமாகத் திருப்பத் திருப்ப இன்னும் இறுகுகிறது. திருகின் தலையே சிதைந்துவிடும்போல் இருக்கிறது. அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்தினால் எனக்கு உதவி கிடைக்கும்?

மாடசாமி எழுதியது:

அம்மா, உடனே நிறுத்துங்கள். அது இடமரைத் திருகு. வலப்பக்கம், கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். கருவி பின்னோக்கிச் சுழலும்போது சக் தானாகக் கழன்று விழாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அந்தத் திருகு வந்த பிறகு, பெரிய எல் வடிவ ஆலன் சாவியின் குட்டைக் கையைச் சக்கில் பூட்டி, நீளக் கையை இடப்பக்கமாகச் சுத்தியலால் சட்டென்று ஒரு தட்டுத் தட்டுங்கள். சக்கின் மரை வழக்கமான வலமரைதான். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டே எல்லாம் செய்யுங்கள்.

அதற்கு முன், இரண்டு சக்கின் கழுத்திலும் உள்ள எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 10 மி.மீ. சக்குகளில் 3/8-24 என்று இருப்பது உண்டு, 1/2-20 என்று இருப்பதும் உண்டு. முதல் எண் தண்டின் தடிமன் அங்குலத்தில், அடுத்தது ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது. இது ஒத்துப்போகாவிட்டால் வாய் அளவு ஒன்றாக இருந்தும் பூட்ட முடியாது.

இனியன் எழுதியது:

மாடசாமி ஐயா, என் தவறை ஏற்கிறேன். 16 என்ற கணக்கு எனக்குப் புதிது.

புலவர் ஐயாவிடம் ஒரு மறுப்பு. எஸ்.டி.எஸ். என்பதே ஜெர்மன் மொழியில் ‘செருகு, திருப்பு, உட்கார்ந்தது’ என்ற பொருள்படும் மூன்று எளிய சொற்களின் முதலெழுத்துகளாகத்தான் வந்தது. அவர்கள் பழங்காப்பியத்தைத் தேடிப் போகவில்லை. வீட்டில் பேசும் சொல்லை எடுத்தார்கள். ‘கவவு’ என்று அச்சிட்டால் படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்துக் ‘கனவு’ என்று திருத்திப் படிப்பார்.

நான் ‘பிடிவாய்’ என்று முன்மொழிகிறேன். பிடித்த வாய், பிடிக்கின்ற வாய், பிடிக்கும் வாய், வினைத்தொகை. வாய் இருப்பதால் தாடையும் இயல்பாகவே பொருந்துகிறது. ஜெயந்தி அம்மாவே ‘வாயை விரித்துப் பார்த்தால்’ என்றுதான் எழுதினார், கவனித்தீர்களா?

பொன்னம்பலம் எழுதியது:

வினைத்தொகை என்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அறியாத சொல் என்பதாலேயே ஒரு சொல்லைத் தள்ளினால், ‘பேருந்து’ என்றைக்கு அறிந்த சொல்லாக இருந்தது? புழங்கப் புழங்கத்தான் சொல் பழகும். மேலும் ‘வாய்’ என்பது திறப்பைச் சொல்கிறது, அகப்படுத்துவதைச் சொல்லவில்லை. கிணற்றுக்கும் வாய் உண்டு.

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘பிடிவாய்’க்கு ஐந்து பேர், ‘சக்’ என்றே விடச் சொன்னவர்கள் மூவர், ‘கவவு’க்கு ஒருவர். நேரம் இல்லாததால் பிடிவாய் என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘சக் எனப்படும் பிடிவாய்’ என்று போடுகிறேன். எடுத்துக்காட்டுப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன். மாடசாமி ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்:

“பிடிவாயில் 1.5–13 மி.மீ., 1/2-20 என்றும், தகட்டில் 2800, 44800 என்றும் இருந்தால் இது பல்தட்டு வகைத் துளைக்கருவி. வாட் எண் அழிந்திருந்தாலும், இந்த அளவுக் கருவிகள் பெரும்பாலும் 500 முதல் 750 வாட் வரை இருக்கும். மரம், மெல்லிய இரும்பு, செங்கல் சுவர் ஆகியவற்றுக்கு ஏற்றது. கான்கிரீட்டில் 6 மி.மீ. துளை இரண்டு மூன்று போடலாம். வரிசையாகப் போடுவதற்குக் காற்றுச் சுத்தியல் கருவியை இரவல் வாங்குங்கள். சாந்து கலக்கும் துடுப்பைப் பூட்ட வேண்டாம். சதுரத்துக்குள் சதுரம் இரட்டைக் காப்பைக் குறிக்கும். நிலக்கம்பி இருக்காது, அதனால் கூடோ கம்பி உறையோ வெடித்திருந்தால் பயன்படுத்தக் கூடாது.”

மாடசாமி எழுதியது:

சரியாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேருங்கள். நேரான கம்பி ஒன்றைப் பூட்டி மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனி வட்டம் போட்டால் பிடிவாயோ தண்டோ கெட்டிருக்கிறது. பிறகு காற்றுத் துளை வழியே மோட்டாரைப் பார்க்க வேண்டும். கார்பன் தூரிகை அருகில் சிறு நீலப்பொறி இருந்தால் பரவாயில்லை. நெருப்பு வளையமாகச் சுற்றி ஓடினால், தகட்டில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கருவியை வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

நானும் ‘பிடிவாய்’ என்று எழுதிவிட்டேன், பாருங்கள். கடையில் கேட்கும்போது சக் என்றுதான் கேட்பேன்.

ஜெயந்தி எழுதியது:

வலப்பக்கம் திருப்பினேன், கழன்றுவிட்டது! ஆனால் பழையதில் 1/2-20, நான் வாங்கியதில் 3/8-24. திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

பொன்னம்பலம் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மாற்றுக் கருத்தைக் குழுவின் பதிவில் வைத்துவிடுமாறு கயல்விழியைக் கேட்டுக்கொள்கிறேன். பிட்டுக்கு இதுவரை யாரும் சொல் தரவில்லை. ‘அலகு’ என்று எழுதினால் அளவைக் குறிக்கும் அலகோடு மோதும். ‘துளையூசி’ என்று ஒன்று எனக்குத் தோன்றுகிறது. தனி இழையில் எழுதுகிறேன்.