சிஎம்எம்ஐ 4-ஆம் நிலைக்குப் போக முடியாமல் நிற்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் வேலைமுறை எவ்வளவு முதிர்ந்தது என்று மதிப்பிடும் சிஎம்எம்ஐயின் 5 நிலைகளில் 3-ஆம் நிலையை எட்டிவிட்டோம் என்றே நம்பியிருந்தோம். எல்லா டீமுக்கும் ஒரே வழிமுறை, ஒரே டெம்ப்ளேட். வேலையை எண்களால் அளந்து கட்டுப்படுத்த வேண்டிய 4-ஆம் நிலைக்காக, மதிப்பிட்ட நேரத்துக்கும் உண்மையில் ஆன நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை கன்ட்ரோல் சார்ட்டில் போட்டுப் பார்த்தேன். எல்லைக் கோடுகள் மைனஸ் 30 முதல் பிளஸ் 70 சதவீதம் வரை விரிந்தன. அவ்வளவு அகலம் இருந்தால் எந்தக் கோளாறும் உள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

தோண்டியதில் காரணம் தெரிந்தது. ஒரு டீம் பிழை திருத்தும் நேரத்தையும் அதே வேலையில் சேர்க்கிறது, இன்னொன்று தனியாக எழுதுகிறது. மூன்றாவது டீம் வெள்ளிக்கிழமை மாலை ஞாபகத்திலிருந்து நிரப்புகிறது. போதாததற்கு, புது வேலையும் பராமரிப்பு வேலையும் ஒரே சார்ட்டில். உண்மையில் நாங்கள் 3-க்கே முழுதாக வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

‘ஆன நேரம்’ என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துவிட்டு, பராமரிப்புக்கு மட்டும் தனி சார்ட் தொடங்கப் போகிறேன். பழைய தரவை மொத்தமாக விட்டுவிடலாமா? எத்தனை புள்ளிகள் சேர்ந்தபின் எல்லைக் கோடு போட்டீர்கள்? அன்றன்றே நேரம் எழுத டீமைப் பழக்கியவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.