ஹாட்ஃபிக்ஸ் போன பிறகு டிக்கெட்டை எப்போது மூடுவது?

மாலைவெயில்: புரொடக்ஷனில் 4.2.0 ஓடிக்கொண்டிருந்தது. கூப்பன் இல்லாத ஆர்டர்களில் பணம் கட்டும் பக்கம் விழுந்தது. அன்றிரவே 4.2.1 போட்டோம், மேலாளர் போனில் சரி என்றார், டிக்கெட்டை மூடிவிட்டோம். `main`-இல் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. 4.3.0 போனதும் அதே பிழை திரும்ப வந்தது. எப்படிப் பதிவு செய்தால் இது நடக்காது?

தறி: ஒரே டிக்கெட்டில் இரண்டு வேலையைத் திணித்ததுதான் கோளாறு. புரொடக்ஷன் சரியானதும் எல்லோருக்கும் அது முடிந்த வேலையாகத் தெரியும். `main`-இல் சேர்ப்பதற்குத் தனி டிக்கெட் வேண்டும். அதை ஹாட்ஃபிக்ஸ் பிராஞ்ச் உருவாக்கும்போதே திறந்து, ஒருவர் பெயரில் போட்டு, அடுத்த ரிலீஸைத் தடுக்கும் டிக்கெட்டாக இணைத்துவிடுங்கள். அது திறந்திருக்கும்வரை 4.3.0 கிளம்பக்கூடாது.

கடைசிகமிட்: பக்கம் விழுந்து கிடக்கும்போது உட்கார்ந்து டிக்கெட் எழுதச் சொல்கிறீர்களா? முதலில் தீயை அணைக்க வேண்டும். ஒப்புதல், பதிவு எல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

தறி: விளக்கம் காலையில் எழுதலாம், தடையில்லை. ஒப்புதல் மட்டும் அப்போதே ஒரு வரியாவது எழுத்தில் வேண்டும், அதில் கமிட் எண் இருக்க வேண்டும். போனில் 'சரி' வாங்கிய பிறகு, டெஸ்ட் ஒன்று உடைகிறது என்று இன்னொரு கமிட் சேர்ப்பார்கள். புரொடக்ஷனுக்குப் போவது இரண்டாவது. மேலாளர் கேட்டது முதலாவதைப் பற்றி. காலையில் யாரிடம் கேட்டாலும் 'ஒப்புதல் இருந்தது' என்பார்கள், பொய்யும் இல்லை. ஆனால் ஓடும் கோடை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "இந்தக் கமிட்டைப் போடலாம்" என்று சாட்டில் ஒரு வரி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசிகமிட்: கமிட் எண் விஷயம் சரி, ஏற்கிறேன். ஆனால் ஒப்புதல் தருபவர் தூங்கிக்கொண்டிருந்தால்? காத்திருக்க மாட்டேன். பணியில் இருப்பவரே போட்டுவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கும் வழியும் விதியில் இருக்க வேண்டும்.

உப்பளம்: எங்கள் இடத்தில் டேட்டாபேஸிலேயே நேரடியாக ஒரு `UPDATE` ஓட்டிச் சரிசெய்தார்கள். கோடே மாறவில்லை. இதற்கும் மெர்ஜ் டிக்கெட் வேண்டுமா?

தறி: உப்பளம், அது வேறு வகை, மெர்ஜ் செய்ய எதுவுமில்லை. ஓட்டிய வரியையும், எத்தனை வரிசை மாறியது என்பதையும் டிக்கெட்டில் வையுங்கள். ஆனால் அந்தத் தவறான தரவை எழுதிய கோடு இன்னும் அங்கேயே இருக்கும்; அதற்குத்தான் தொடர் டிக்கெட்.

நேர்வழி: இவ்வளவு சுற்றல் எதற்கு? முதலில் `main`-இல் திருத்துங்கள், அங்கிருந்து ரிலீஸ் பிராஞ்சுக்கு செர்ரி-பிக் செய்யுங்கள். மறக்கவே வழியில்லை. சந்தேகமிருந்தால் `git branch --contains` போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தறி: முதல் யோசனை நல்லது, முடிந்தபோதெல்லாம் அப்படியே செய்ய வேண்டும். ஆனால் `main`-இல் அந்தக் கோடே மாறியிருந்தால், இரவில் இரண்டு திருத்தம் எழுத வேண்டிவரும். இரண்டாவது யோசனை ஏமாற்றும். செர்ரி-பிக் செய்தாலும் ஸ்குவாஷ் மெர்ஜ் செய்தாலும் கமிட் எண் மாறும். திருத்தம் `main`-இல் இருந்தும் `--contains` இல்லை என்றே சொல்லும். இதைப் போடுங்கள்:

```
git fetch origin --tags
git cherry -v origin/main v4.2.1
```

இது எண்ணைப் பார்க்காமல் மாற்றத்தின் உள்ளடக்கத்தை ஒப்பிடும். வரி `-` என்று தொடங்கினால் அதே மாற்றம் `main`-இல் இருக்கிறது, `+` என்றால் காணவில்லை.

மாலைவெயில்: போட்டுப் பார்த்தேன். 4.3.0-க்குப் பிறகு திருத்தத்தை `main`-இல் சேர்த்தும் `+` என்றே வருகிறது. அந்த ஃபங்ஷனை `main`-இல் வேறு ஃபைலுக்கு மாற்றியிருந்தார்கள், கான்ஃபிளிக்ட் வந்தது, கையால் சரிசெய்தோம்.

தறி: அதுதான் இந்தக் கட்டளையின் எல்லை. கையால் மாற்றியதும் உள்ளடக்கம் வேறாகிவிட்டது. பல கமிட்டை ஒன்றாக ஸ்குவாஷ் செய்தாலும் இப்படித்தான் வரும். எனவே `+` வந்தால் பதறாமல் போய்ப் பாருங்கள். செர்ரி-பிக் செய்யும்போது `-x` சேர்த்தால் மூலக் கமிட் எண் செய்தியிலேயே பதிவாகும், ஆனால் கான்ஃபிளிக்ட் வந்தால் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கையால் எழுதிவிடுங்கள். உண்மையான சான்று டெஸ்ட்தான். கூப்பன் இல்லாத ஆர்டருக்கு ஒரு டெஸ்ட் எழுதி, திருத்தம் சேர்ப்பதற்கு முன் `main`-இல் ஓட்டுங்கள். விழ வேண்டும். சேர்த்ததும் தேற வேண்டும். இரண்டு ஓட்டத்தின் இணைப்பும் டிக்கெட்டில் இருந்தால் மூடலாம்.

நேர்வழி: முன்னாலேயே தேறிவிட்டால்?

தறி: ஃபங்ஷனை மாற்றியபோதே பிழை போயிருக்கலாம், அல்லது டெஸ்ட் தவறான இடத்தைத் தொடுகிறது. 4.2.0-இல் ஓட்டிப் பாருங்கள். அங்கே விழுந்தால் டெஸ்ட் சரி. `main`-க்குத் திருத்தம் தேவையில்லை என்று எழுதி மூடுங்கள்.

கடைசிகமிட்: எல்லாம் சரி, அந்த டிக்கெட் யார் பெயரில்? இரவு முழுக்க விழித்தவர் மேலேயே மறுபடி சுமத்துவதை நான் ஏற்க மாட்டேன். ரிலீஸ் பொறுப்பாளர் எடுக்கட்டும்.

தறி: கான்ஃபிளிக்ட் வந்தால் எதற்காக அந்த வரி என்று தெரிந்தவர் திருத்தத்தை எழுதியவர் மட்டும்தான். அடுத்த நாள் ஓய்வு கொடுங்கள், டிக்கெட் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

கடைசிகமிட்: ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர் விடுப்பில் போனால் ரிலீஸும் அவரோடு நிற்கும்.

மாலைவெயில்: எங்கள் அணியிலும் இதில்தான் இழுபறி. இப்போதைக்குத் தொடர் டிக்கெட்டைத் திருத்தம் எழுதியவர் பெயரிலும், ரிலீஸைத் தடுக்கும் முடிவை ரிலீஸ் பொறுப்பாளர் கையிலும் வைக்கிறோம். 4.4.0-க்கு முன் 4.2.1-இன் ஒவ்வொரு `+` வரியையும் திறந்து பார்க்கப் போகிறேன்.