மெயில் தலைப்பைத் தமிழாக்கிய பிறகு, வந்த காரியம் எங்கே போகிறது?

எழுத்தாணி
ஆங்கிலத்தில் வரும் வணிக மெயில்களைத் தமிழாக்கி டீலர்களுக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். அண்மையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஆர்டர் 4471-க்கு டெலிவரி தள்ளிப்போகிறது, புதிய தேதி சரிதானா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். மெயிலில் இருந்த காரியம் இவ்வளவுதான். அதன் சப்ஜெக்ட் வரியை வேறொருவர் இப்படித் தமிழாக்கி அனுப்பியிருந்தார்:

"நடவடிக்கை தேவை: கொள்முதல் ஆணை எண் 4471-க்கான திருத்தப்பட்ட விநியோகத் தேதியை வெள்ளிக்கிழமைக்குள் தயவுசெய்து உறுதிப்படுத்தவும்"

இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் டீலரின் போனில் தெரிந்தது "நடவடிக்கை தேவை: கொள்முதல் ஆணை எண் 44…" என்பது மட்டும்தான். போனில் சப்ஜெக்ட் வரியில் சுமார் 30, 40 எழுத்துகள்தான் தெரியும். தமிழ் எழுத்து அகலமானது என்பதால் அதைவிடவும் குறையும். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதனால் எது முக்கியமோ அதுவே முதலில் வெட்டுப்படுகிறது. தேதி போய்விட்டது, கெடு போய்விட்டது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் போய்விட்டது.

மிஞ்சிய "நடவடிக்கை" இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. நம் காதில் அது 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதோடு சேர்ந்தே ஒலிக்கும். அவர் மெயிலைத் திறக்காமலே போன் செய்து, "நாங்க என்ன தப்பு பண்ணினோம், சார்?" என்று கேட்டார்.

அடுத்த மெயிலை நான் இப்படி மாற்றினேன்: "வெள்ளிக்குள் பதில் தேவை: ஆர்டர் 4471, புதிய டெலிவரி தேதி". வால் வெட்டுப்பட்டாலும் காரியம் தலையில் நிற்கிறது.

வேகநடை
இதற்கு நான் எளிய வழி வைத்திருக்கிறேன். வாக்கியமே வேண்டாம், மூன்று நான்கு சொல் போதும். "டெலிவரி தேதி உறுதிப்படுத்தல்", "இன்வாய்ஸ் ஒப்புதல்" என்று முடித்துவிடுவேன். எந்த போனிலும் வெட்டுப்படாது. முக்கியமானது என்றால் முன்னால் "அவசரம்" சேர்த்துவிடுவேன்.

பழைய கணக்கு
சுருக்கம் சரிதான், வேகநடை. ஆனால் "இன்வாய்ஸ் ஒப்புதல்" என்றால் ஒப்புதல் கொடுத்தாகிவிட்டதா, கேட்கிறீர்களா? '-தல்' என்று முடியும் பெயரில் யார் யாருக்குச் செய்வது என்பது மறைந்துபோகிறது.

கணக்குப் பிரிவில் இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். "பணம் செலுத்துதல்: மே மாத இன்வாய்ஸ்" என்று ஒரு சப்ளையருக்குத் தலைப்பு போனது. பணம் வரப்போகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். உள்ளே இருந்ததோ, அவர் தவறுதலாகக் கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிச் செலுத்தச் சொல்லும் கோரிக்கை. இரண்டு வாரம் அவர் திறந்தே பார்க்கவில்லை. பணம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கும் பழக்கம் வந்தது. கேட்பது என்றால் "தேவை": "ஒப்புதல் தேவை". முடிந்தது என்றால் "ஒப்புதல் கொடுத்துவிட்டோம்" அல்லது "பணம் அனுப்பியாயிற்று". வெறும் தகவல் என்றால் "தகவலுக்கு". அந்த ஒரு சொல்லிலேயே படிப்பவருக்குத் தன் வேலை என்ன என்பது தெரிந்துவிடும்.

"அவசரம்" என்பதைப் பற்றியும் ஒன்று. எப்போது வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. தேதியைப் போட்டால் அவசரம் தானாகவே தெரியும்.

இன்னொன்று, 'விலைப்பட்டியல்' என்ற சொல்லை இன்வாய்ஸுக்கும் எழுதுகிறார்கள், விலை விவரத் தாளுக்கும் எழுதுகிறார்கள். தலைப்பில் அது தனியாக நின்றால் எது என்று தெரியாது. நான் இன்வாய்ஸ் என்றே எழுதிவிடுவேன்.

மழைத்துளி
எங்களுக்கும் தமிழ்த் தலைப்பில் பிரச்சினைதான்! நீளமான தலைப்பு வைத்தால் பெறுபவருக்கு நடுவில் கட்டம் கட்டமாக வருகிறது. ஒருவருக்கு `=?UTF-8?B?` என்றே தொடங்கியது. சொல் வரிசையை மாற்றினால் இது சரியாகிவிடுமா?

பழைய கணக்கு
இல்லை, மழைத்துளி, இது வேறு. மெயில் அனுப்பும் மென்பொருள் தமிழ்த் தலைப்பைத் துண்டு துண்டாகக் குறியாக்கி அனுப்பும்; ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும். மென்பொருள் அந்த மூன்றின் நடுவில் வெட்டிவிட்டால் கட்டம் வரும். அனுப்பும் மென்பொருளைக் கவனிப்பவரிடம் சொல்லுங்கள். தலைப்பைச் சுருக்கினால் வெட்டும் இடங்கள் குறையும், அவ்வளவுதான்.

தலைப்பில் கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. ஒரு சேவை மையத்தில் `[#5210]` என்ற புகார் எண்ணை "எண் 5210" என்று அழகாகத் தமிழாக்கியிருந்தார்கள். அந்த அடைப்புக்குறியை வைத்துத்தான் அவர்களின் மென்பொருள் பதிலைப் பழைய புகாரோடு சேர்க்கும். தமிழாக்கிய பிறகு ஒவ்வொரு பதிலும் புதுப் புகாராகப் பதிவானது. ஜிமெயிலிலும் நடுவில் தலைப்பை மாற்றினால் பதில் தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். ஆகவே தமிழ்த் தலைப்பை முதல் மெயிலிலேயே வைத்துவிடுங்கள். `Re:` வந்த பிறகு தொடாதீர்கள்.

ஆற்றங்கரை
தலைப்பை விட முதல் வரியில்தான் எனக்குச் சங்கடம். "இந்த மின்னஞ்சல் தங்களை நலமுடன் வந்தடையும் என நம்புகிறேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். மெயில் பட்டியலில் தலைப்பை அடுத்துத் தெரிவது அந்த முதல் வரிதான், அந்த இடம் முழுக்க நலம் விசாரிப்பிலேயே போய்விடுகிறது. ஆனால் அதை எடுத்துவிட்டு நேராக விஷயத்துக்குப் போனபோது, வயதில் மூத்த ஒரு வாடிக்கையாளர், "வந்ததும் வராததுமா வேலை வாங்குறீங்களே" என்று வருத்தப்பட்டார்.

எழுத்தாணி
அவர் வருத்தம் நியாயமானதுதான். "வணக்கம்" என்ற ஒரு சொல்லை முன்னால் விட்டுவிட்டு, நலம் விசாரிப்பைக் கடைசிப் பத்திக்குக் கொண்டுபோகலாம். 4471 மெயிலின் முதல் வரி மொழிபெயர்ப்பு இப்படி இருந்தது:

"ஆர்டர் 4471-க்கான திருத்தப்பட்ட தேதி குறித்து நாங்கள் முன்னர் அனுப்பிய மின்னஞ்சலைத் தொடர்ந்து இதை எழுதுகிறேன்."

எல்லாவற்றையும் தாண்டி வந்து கடைசியில் கிடைப்பது "எழுதுகிறேன்". அது அவருக்கே தெரியும். நான் உடைத்து எழுதியது:

"வணக்கம். ஆர்டர் 4471-இன் புதிய டெலிவரி தேதி ஜூன் 18. இது உங்களுக்குச் சரிவருமா என்று ஜூன் 12 வெள்ளி மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் லாரி ஏற்பாடு செய்ய முடியும்."

மூலத்தில் லாரி பற்றிய வரி மூன்றாவது பத்தியில் இருந்தது. காரணம் தெரிந்தால் பதில் சீக்கிரம் வரும் என்பதால் மேலே கொண்டுவந்தேன். அப்படிப் பத்தி மாற்றுவதற்கு முன் அனுப்புபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

ஆற்றங்கரை
உடைத்து எழுதியது தெளிவாக இருக்கிறது. ஆனாலும் எங்கள் பெரியவருக்கு "வணக்கம்" மட்டும் போதாது. "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்" என்று வைத்தால் ஜூன் 12 பட்டியலில் தெரியாமல் போகும். அவருக்கு மட்டும் கெடுவைத் தலைப்பிலேயே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

வேகநடை
"தேவை" சேர்ப்பதை இன்றே தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். "வெள்ளிக்குள்" என்றால் வெள்ளியும் சேர்த்தா? என் மேலாளர் வியாழன் இரவோடு முடிகிறது என்கிறார்.

எழுத்தாணி
நான் வெள்ளியையும் சேர்த்துத்தான் எண்ணுவேன். உங்கள் மேலாளரைப் போல எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். இடம் இருந்தால் "வெள்ளி மாலை 5-க்குள்" என்று எழுதிவிடுகிறேன்.

பழைய கணக்கு
வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து வரும் மெயில் என்றால் அந்த மாலை 5 யாருடைய நேரம் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.