அப்பத்தாவுக்கு வீடியோவில் ஒரு கடிதம்: உங்கள் அனுபவம் எப்படி?

முதுகுளத்தூரான், துபாய்

மூன்று வருடமாக இங்கே எலக்ட்ரீசியன் வேலை. இந்த ஊரில் வாட்ஸ்அப்பில் கால் போகாது, ஆனால் வீடியோ எடுத்து அனுப்பினால் போய்ச் சேரும். காசு கட்டிப் பேசும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் நான் வேலை முடிந்து ரூமுக்கு வரும்போது ஏழரை. ஊரில் அப்போது ஒன்பது, அப்பத்தா பாதித் தூக்கத்தில் இருக்கும். அதனால் ஞாயிறுதோறும் ஒரு வீடியோ அனுப்புகிறேன். தம்பி மறுநாள் காலையில் போட்டுக் காட்டுவான்.

முதல் வீடியோ பதினோரு நிமிடம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சம்பளம், சூப்பர்வைசர், வெயில் என்று ஒரு மூச்சு பேசித் தள்ளினேன். பார்த்துவிட்டு அப்பத்தா கேட்டது: "யாருடா இது, கரிச்சட்டி கணக்கா?" பின்னால் வெளிச்சம் இருந்ததால் முகம் இருட்டாகிவிட்டது. ஏசி இரைச்சலில் பேச்சும் போச்சு. நடுவில் நான் இருமிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அது மட்டும் அதற்குப் புரிந்ததாம். "பிள்ளைக்குச் சளி, வெந்நீர் குடிக்கச் சொல்லு" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறது.

அதிலிருந்து முறையை மாற்றினேன். பேச்சு குறைவு, காட்டுவது அதிகம். என் கட்டில், அது இரண்டடுக்கில் மேல்தட்டு. ரசம் கொதிக்கிற சட்டி. காய்ப்பு காய்த்த உள்ளங்கை. அப்புறம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை. எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம். "சாப்பிட்டியா அப்பத்தா?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அந்த இடைவெளியில் அது "இப்பத்தான்யா, கம்மங்கூழு" என்று பதில் சொல்வதைத் தம்பி எடுத்து அனுப்பினான்.

ரூமில் மற்றவர்கள் இருக்கும்போது எடுப்பதில்லை. சம்மதம் இல்லாமல் அடுத்தவரைப் படம் பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

இரண்டு சிக்கல். பேச்சு இன்னும் பாதிதான் புரிகிறது. இன்னொன்று, நான் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பதாக அப்பத்தா நினைக்கிறதோ என்று தோன்றுகிறது. போன வாரம், "கேட்டதுக்குப் பதிலே சொல்ல மாட்டேங்குறான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாம். நான் கேட்கவில்லை என்று சொல்லிவிடவா, வேண்டாமா?

உட்லண்ட்ஸ் வாசி

சிங்கப்பூரில் இருந்து நானும் இதைச் செய்கிறேன். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து நன்றாகச் சத்தம் போட்டுப் பேசுங்கள், அந்தப் பக்கம் வால்யூமை முழுசாக வைக்கச் சொல்லுங்கள், தீர்ந்தது. இன்னொன்று, வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி மங்கலாக்கிவிடும். Document என்று அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

காது பரிசோதகர், மதுரை

டாக்குமென்ட் யோசனை சரி. சத்தம் போடச் சொன்னது பாதிதான் சரி. வயசானவர்களுக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சுக் குரல் பக்கம் இருக்கும் மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் க, ச, த, ப எல்லாம் நழுவிவிடும், ஆ, ஓ, ஈ நிற்கும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் தெரியல" என்பார்கள். கத்தினால் ஆ, ஓதான் பெரிதாகும். போனின் குட்டி ஸ்பீக்கர் அதையும் கரகரப்பாக்கிவிடும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். தம்பி எதிரே உட்கார்ந்து பத்து சாதாரண வார்த்தை சொல்லட்டும், அப்பத்தா திருப்பிச் சொல்லட்டும். பிறகு முதுகுப் பக்கம் நின்று அதே குரலில் வேறு பத்து. முன்னால் நன்றாகவும் பின்னால் மோசமாகவும் வந்தால், வாயசைவைப் பார்த்துத்தான் சமாளிக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் உங்கள் வீடியோவில் வாய் தெளிவாகத் தெரிய வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து உட்காருங்கள், மார்பு வரை மட்டும் ஃபிரேமில் இருக்கட்டும். பேசும் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஏசியை நிறுத்துங்கள். ஒயர் இயர்போன் இருந்தால் அதன் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும். ஒரு வாக்கியம், கொஞ்சம் நிறுத்தம், அடுத்த வாக்கியம்.

ஒரு காது மட்டும் மந்தம் என்றாலோ, திடீரென்று குறைந்தது என்றாலோ வீடியோவை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். சில சமயம் வெறும் காதுக் குறும்பியாகக்கூட இருக்கும்.

சேலத்துக்காரன்

வீடியோ அனுப்பினால் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று ஏற்றுக்கொள்கிறார்களா? என் பாட்டியால் பேங்கு வரை நடக்க முடியவில்லை.

முதுகுளத்தூரான், துபாய்

அண்ணே, இது வேற விஷயம். அதற்கு முகத்தைக் காட்டிப் பதியும் செயலி தனியாக இருக்கிறது, இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

கேசட் காலத்து மருமகள்

எங்கள் காலத்தில் இது கேசட். எண்பதுகளில் என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் அவர் பேசி, லீவில் வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவார். மறுபக்கம் நாங்கள் பேசி, திரும்பிப் போகிறவர் கையில் கொடுப்போம். என் மாமியார் டேப் ரிக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல "ம்... சரிப்பா... ஏன்பா?" என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். பாவம், விவரம் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. கடிதம் இல்லை, போன் இல்லை. கடைசியாக வந்த கேசட்டையே மாமியார் தினமும் போடச் சொன்னார். அப்போது மட்டும் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. ஏன் என்று கேட்டேன். "இது பழசுடி. இதுக்குத்தான் அன்னைக்கே பதில் சொல்லிட்டேனே" என்றார். என் வீட்டுக்காரர் ஜோர்டானில் இருக்கும் அம்மான் நகரத்துக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தது அப்புறம்.

அதனால் சொல்கிறேன், உங்கள் அப்பத்தாவுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லப் போக வேண்டாம்.

உட்லண்ட்ஸ் வாசி

எனக்கு உடன்பாடில்லை அக்கா. தெரிந்தவர் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? பக்குவமாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

கோவை மெக்கானிக்

போன் திரை சின்னது, டிவியில் போடுங்கள். நான் மாமா பையன் ஐபோனில் எடுத்ததை டாக்குமென்டாக வாங்கி, பென்டிரைவில் போட்டுச் செருகினேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. பழைய டிவிக்கு அந்தப் புது வகை ஃபைல் பிடிபடாது. அவனை Settings > Camera > Formats போய் Most Compatible வைக்கச் சொன்னேன். அடுத்த வீடியோ சுத்தமாக ஓடியது. பென்டிரைவையே டிவி கண்டுகொள்ளவில்லை என்றால் அதை FAT32-இல் ஃபார்மட் செய்து பாருங்கள்.

முதுகுளத்தூரான், துபாய்

எல்லோருக்கும் நன்றி. வார்த்தைச் சோதனையைத் தம்பி செய்தான். எதிரே உட்கார்ந்தால் பத்துக்கு ஒன்பது, பின்னால் நின்றால் நாலு. இந்த ஞாயிறு ஏசியை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மெதுவாகப் பேசினேன். வேர்த்துக் கொட்டியது. பேசியது முக்கால்வாசி புரிந்திருக்கிறது. ஜூன் 15-இலிருந்து மூன்று மாதம் மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை கிடையாது என்று சொன்னதை, தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டதாம்.

டிவியில் போட்டதில் இன்னொரு லாபம். போனில் பார்க்கும்போது என் முகத்தைத் தடவப் போய், விரல் பட்டு வீடியோ நின்றுவிடும்.

நான் கேட்கவில்லை என்பதை இன்னும் சொல்லவில்லை. தம்பி அனுப்பிய பதில் வீடியோவில், என் தலை பின்னால் எப்படி இருக்கிறது என்று அடுத்த வாரம் திரும்பிக் காட்டச் சொல்லியிருக்கிறது. முடி வெட்டவில்லை என்று சந்தேகமாம். உண்மையில் வெட்டவில்லை.