புதுப்பிப்பு: கார்டு பழுதில்லை, ஸ்லாட்தான் தவறு

“என் x16 கிராபிக்ஸ் கார்டுக்கு, கார்டின் விவரங்களைக் காட்டும் GPU-Z மென்பொருளின் திரையில் x4 என்று வருகிறது. கார்டு பழுதா?” – போன வாரம் நான் கேட்டது.

பழுதில்லை. கணினியின் உட்புறப் படத்தைப் பார்த்ததும் மயிலாடுதுறை அண்ணன் சொன்னார்: “தம்பி, கார்டு கீழ் ஸ்லாட்டில் இருக்கிறது.” என் பி450 மதர்போர்டில் இரண்டு ஸ்லாட்டும் ஒரே நீளம். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் ஸ்லாட்டில் முன்பகுதியில் மட்டுமே பொன்னிறத் தொடுமுனைகள், மீதிப் பள்ளம் வெறுமை. x4 என்றால் நான்கு தரவுத் தடங்கள். அந்த நான்கும் மதர்போர்டின் துணைச் சில்லான சிப்செட் வழியாகத்தான் பிராசஸரை அடைகின்றன. அங்கே நொடிக்கு 2 ஜிபி. மேலே பிராசஸருடன் நேரடி இணைப்பு, ஏறக்குறைய 16 ஜிபி.

“x4-க்குப் பக்கத்தில் இணைப்பின் வேகத் தலைமுறை 1.1 என்று காட்டுவதுதான் கோளாறு” என்று தஞ்சாவூர் நண்பர் சொன்னது சரியில்லை. கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகம் அப்படி இறங்கும். சோதனை ஓட்டியதும் 2.0 ஆனது. ஆனால் x4 அசையவே இல்லை, அதுதான் துப்பு.

மேல் ஸ்லாட்டுக்கு மாற்றினேன். சோதனையில் `x16 3.0` வந்துவிட்டது!

திருவாரூர் அக்காவுக்கோ மேல் ஸ்லாட்டிலேயே x8. இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி போட்ட பிறகு இறங்கியதாம். சில போர்டுகளில் அது கார்டின் தடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும். அக்கா எஸ்எஸ்டியைக் கழற்றிப் பார்த்தால்தான் உறுதியாகும், இன்னும் கழற்றவில்லை.