உணவுச்சத்து அட்டவணை: ‘பச்சை நிலை’, ‘உண்ணும் நிலை’ சரியா?

தமிழரசி:
அன்பு நண்பர்களுக்கு வணக்கம். உணவுச்சத்துச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். ஒரே பருப்புக்கு `raw`, `cooked` என்று இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ‘பச்சை நிலை’, ‘உண்ணும் நிலை’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

இராமநாதன்:
‘பச்சை’ வேண்டாம் அம்மா. பருப்புப் பட்டியலில் அதைப் பார்ப்பவர் பச்சைப்பயறு என்றே எடுத்துக்கொள்வார். ‘உண்ணும் நிலை’ சரிதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையிலும் 100 கிராம் உண்ணத்தக்க பகுதிக்குத்தானே கணக்கு? அப்படியென்றால் அது சாப்பிடும் நிலை.

மெய்யப்பன்:
இராமநாதன் ஐயா, ‘பச்சை’ பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் உண்ணத்தக்க பகுதி என்பது எலும்பு, தோல், கொட்டை போன்றவற்றை நீக்கிய பின் மிஞ்சுவது. அது சமைத்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்த அட்டவணையில் பருப்பும் இறைச்சியும் பெரும்பாலும் சமைக்காத நிலையில்தான் அளக்கப்பட்டிருக்கின்றன. ‘உண்ணும் நிலை’ என்று போட்டால் இந்த இரண்டும் குழம்பிவிடும்.

எந்தப் பதிவு என்பதைத் தராசுதான் முடிவுசெய்கிறது. சமைக்கும் முன் நிறுத்தால் சமைக்காத பதிவு, தட்டில் போட்டபின் நிறுத்தால் சமைத்த பதிவு. துவரம்பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம். 200 கிராம் போட்டு வேகவைத்தால் 44 கிராம் புரதம் பாத்திரத்தில் இருக்கும். பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால் வெந்த பருப்பு 700 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 150 கிராம் உங்கள் தட்டுக்கு வந்தால் புரதம் ஒன்பதரை கிராம்தான். சமைக்காத பதிவில் 150 என்று அடித்தால் 33 கிராம் காட்டும்.

கோழியில் எடை எதிர்ப்பக்கம் போகும். எலும்பில்லாத நெஞ்சுக்கறி 500 கிராம் வெந்தபின் 375 கிராம் அளவில் நிற்கும். நீர் போய்விடுவதால் 100 கிராமுக்கான புரதம் 22-லிருந்து 31-க்கு ஏறுகிறது. மொத்தப் புரதம் அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. கடையில் நிறுத்த 500 கிராமைச் சமைத்த பதிவில் போட்டால் 155 கிராம் புரதம் வரும். உண்மையில் 110 சொச்சம்தான்.

பாத்திமா:
எனக்குச் சர்க்கரை நோய். உணவு ஆலோசகர் ‘பருப்பு 30 கிராம்’ என்று எழுதித் தந்தார். நான் வெந்த பருப்பைத்தான் 30 கிராம் நிறுத்துச் சாப்பிடுகிறேன். வயிறே நிறைவதில்லை. இதுவும் அந்தக் குழப்பம்தானா?

மெய்யப்பன்:
அநேகமாக அதுதான் அக்கா. நம் ஊர் உணவுப் பட்டியல்களில் பருப்பு, அரிசி அளவெல்லாம் பெரும்பாலும் சமைக்காத எடையில்தான் சொல்வார்கள். 30 கிராம் பருப்பு வெந்தால் 100 கிராம் அளவுக்கு வரும். ஆனால் நீங்களாக மாற்ற வேண்டாம். எந்த நிலையில் நிறுக்கச் சொன்னார் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தமிழரசி:
அப்படியானால் ‘நிறுத்த நிலை’ என்று ஒரு தலைப்பு வைத்து, கீழே ‘சமைக்குமுன்’, ‘சமைத்தபின்’ என்று கொடுக்கலாமா?

இராமநாதன்:
திரையில் ‘நிறுத்த நிலை’ என்று பார்ப்பவர் ஏதோ நின்றுபோய்விட்டது என்று நினைப்பார். ‘எடைபோட்ட நிலை’ என்று வையுங்கள். ‘உண்ணத்தக்க பகுதி’ பற்றி மெய்யப்பன் சொன்னதை ஏற்கிறேன்.

செல்வம்:
மாவை விட்டுவிட்டீர்களே. நான் ஒரு விடுதியில் சமையல் பார்க்கிறேன். எங்களுக்கு மாவு என்றால் பையில் இருப்பதும் மாவு, பிசைந்ததும் மாவு, இட்லிக்கு அரைத்ததும் மாவு. ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அறுநூறு, எழுநூறு மில்லி தண்ணீர் போகும். பிசைந்த உருண்டையை நிறுத்து, அதை மாவுப் பதிவில் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். எனவே ‘சமைக்குமுன்’ மட்டும் போதாது. பிசைந்த மாவும் சமைக்காததுதான்!

மெய்யப்பன்:
நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அதற்கு ‘உலர் மாவு’, ‘பிசைந்த மாவு’, ‘அரைத்த மாவு’ என்று பொருளின் பெயரிலேயே பிரித்துவிடலாம். சப்பாத்தியைப் பொறுத்தவரை உலர் மாவையும் எண்ணெயையும் தனித்தனியாக நிறுத்து, சுட்ட எண்ணிக்கையால் வகுப்பதே மேல். சமைத்த பதிவில் உள்ள சப்பாத்திக்கு யார் எவ்வளவு எண்ணெய் விட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. பருப்பிலும் இதே சிக்கல்தான். அட்டவணைக்காரர் விட்ட தண்ணீர் வேறு, நம் வீட்டுச் சாம்பாரில் விட்டது வேறு.

சமைத்த எடையைச் சமைக்காத எடையால் வகுத்தால் வருவதற்கு ‘சமையல் எடைமடங்கு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மேலே சொன்ன பருப்புக்கு 3.5, கோழிக்கு 0.75.

இராமநாதன்:
‘மடங்கு’ என்றால் பெருகுவதுதானே? முக்கால் மடங்கு காதுக்கு இடறுகிறது. ‘எடைவிகிதம்’ என்கிறேன்.

தமிழரசி:
இரண்டையும் குறித்துக்கொண்டேன். ‘எடைபோட்ட நிலை’யை இன்றே சேர்க்கிறேன். இன்னொன்று. வேகும்போது தயமின் போன்ற பி வைட்டமின்கள் குறைகின்றன, நீரை வடித்தால் இன்னும் போகும். சமைக்காத பதிவிலிருந்து கணக்கிட்டால் புரதம் சரியாக வந்தாலும் இவை கூடுதலாகவே காட்டும். சமைத்தபின் மிஞ்சும் பங்குக்கு ‘எஞ்சுவீதம்’ என்று யோசித்திருக்கிறேன். செல்வம் அண்ணா, உங்கள் சமையலறையில் இதைச் சொன்னால் புரியுமா?

செல்வம்:
‘மிச்சப் பங்கு’ என்றால் உடனே புரியும். மற்றவர்கள் சொல்லட்டும்.