நம்ம தெரு குழு: நலவாரியப் பதிவு

கீதா (மாலை 6:42): நம்ம தெருவுல நாலு வீட்டுல வேலை பாக்குற செல்விக்கு நலவாரியத்துல பதியணும். வயசு 47. வீட்டுக்காரர் கொத்தனார். பொண்ணு காலேஜ் முதல் வருஷம். என்னென்ன எடுத்து வைக்கச் சொல்லணும்?

ரமேஷ் (6:45): செல்விகிட்ட ஏற்கெனவே கார்டு இருக்கே மேடம். போன வாரம் எங்க வீட்டுல காட்டுச்சு. 12 இலக்க நம்பர், போட்டோ எல்லாம் இருக்கு. திரும்ப எதுக்குப் பதியணும்?

மணிவேல் (6:51): ரமேஷ் தம்பி, அது இ-ஷ்ரம் கார்டு. 2021 ஆகஸ்ட்ல மத்திய அரசு கொண்டு வந்தது. அமைப்புசாரா தொழிலாளர்களைக் கணக்கெடுக்குற பதிவு அது. கல்வி உதவி, பிரசவ உதவி, ஓய்வூதியம்னு நாம இங்க கேட்குறது தமிழ்நாடு நலவாரியம் கொடுக்குறது. அதுக்குத் தனியா tnuwwb.tn.gov.in தளத்துல பதியணும். இ-ஷ்ரம் கார்டை வச்சுக்கிட்டு வாரியத்துல இருக்கோம்னு நினைச்சு அப்படியே விட்டவங்க நிறைய பேர். பிள்ளைக்கு உதவி கேட்டுப் போறப்பதான் தெரிய வருது.

ரமேஷ் (6:52): ஓ. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சேன். சரி, அதை எடுத்துட்டு இதைப் போடணுமா?

மணிவேல் (6:53): எதையும் எடுக்க வேணாம். ரெண்டும் இருக்கலாம்.

சரவணன் (6:58): நான் வீடு கட்டுறதுக்குப் பிளான் அப்ரூவல் வாங்கும்போதே நலநிதின்னு ஒரு சதவீதம் கட்டிட்டேன். அப்போ என் சைட்டுல வேலை பாக்குற எல்லாரும் வாரியத்துல வந்துட்டாங்கதானே? செல்வி வீட்டுக்காரரும் அங்கதான் வர்றார்.

மணிவேல் (7:04): இல்ல சார். நீங்க கட்டுனது கட்டுமானச் செலவுல 1 சதவீதம். அது வாரியத்தோட பொதுக் கணக்குக்குப் போகும். அந்தப் பணத்துலேர்ந்துதான் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு உதவி கொடுக்குறாங்க. ஆனா உங்க ரசீதுல எந்தத் தொழிலாளியோட பேரும் இருக்காது. ஒவ்வொருத்தரும் தன் பேருல தனியா பதியணும். உங்களால செய்ய முடிஞ்சது ஒண்ணு இருக்கு, பணிச்சான்றுல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம்.

சரவணன் (7:06): நான் போடுறேன். ஆனா அதைப் போட்டா நாளைக்குப் பி.எஃப். கட்டு, இ.எஸ்.ஐ. கட்டுன்னு யாராவது வந்து நிப்பாங்களா? கீதா மேடத்துக்கும் அந்தப் பயம் இருக்கும்.

கீதா (7:07): ஆமா, அதான் நேரா கேட்க நினைச்சேன். வீட்டுல எங்க மாமா, கையெழுத்து மட்டும் போடாதேன்னு சொல்றார்.

மணிவேல் (7:15): மாமாகிட்ட இப்படிச் சொல்லுங்க. பி.எஃப். பொதுவா 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற நிறுவனத்துக்கு. இ.எஸ்.ஐ. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துக்கு. ஒரு குடும்பம் நிறுவனம் ஆகாது. பணிச்சான்றுல, இவங்க என் வீட்டுல வேலை பாக்குறாங்கன்னுதான் எழுதுறோம். உங்ககிட்ட யாரும் பணம் கேட்க மாட்டாங்க. இவங்க வீட்டு வேலைதான் பாக்குறாங்கன்னு அந்தச் சான்று இல்லாம அலுவலகத்துக்குத் தெரியாது. வீட்டுக்காரங்க தயங்குனா, பதிவு பெற்ற தொழிற்சங்கம் கொடுக்குற சான்றும் எடுத்துக்குவாங்க.

ஜெயா டீச்சர் (7:19): ஒரு விளக்கம் வேண்டும். கட்டுமான சைட்டில் ஆள் குறைந்தால் செல்வி சித்தாள் வேலைக்கும் போகிறாள். கோடையில் இரண்டு மாதம் போனாள். அப்படியானால் எந்த வாரியம்? கட்டுமான வாரியத்தில்தான் பணம் அதிகம் என்கிறார்கள்.

ரமேஷ் (7:20): ரெண்டுலயும் போட்டுடலாம் டீச்சர். ரெண்டு கார்டு, ரெண்டு உதவி.

மணிவேல் (7:27): அது நடக்காது தம்பி. பதிவு ஆதாரை வச்சு. ஒரு ஆதாருக்கு ஒரு வாரியம்தான்.

டீச்சர், பணம் அதிகம்னு நீங்க கேள்விப்பட்டது சரிதான். நலநிதி வர்றதால கட்டுமான வாரியத்துல சில உதவிகள் பெருசு. வேலை செய்யுற இடத்துல விபத்துல இறந்தா குடும்பத்துக்குப் பெரிய தொகை கொடுக்குறாங்க. ஆனா கட்டுமானத் தொழிலாளின்னு பதிய, மத்தியச் சட்டப்படி கடந்த 12 மாசத்துல 90 நாளாவது அந்த வேலை பார்த்திருக்கணும். ரெண்டு மாசம்னா 60 நாள்தான். வருஷம் முழுக்கப் பாக்குறது வீட்டு வேலை. அதனால வீட்டுப் பணியாளர் நலவாரியத்துல போடுறதுதான் சரி. 2007ல வீட்டு வேலை செய்யறவங்களுக்குன்னே ஆரம்பிச்ச வாரியம் அது.

ஜெயா டீச்சர் (7:30): சிறிது கூட்டி 90 நாள் என்று எழுதி வாங்கிவிட்டால்?

மணிவேல் (7:32): பொய்ச் சான்று வேணாம் டீச்சர். அலுவலகத்துலேர்ந்து விசாரிச்சு, வீட்டு வேலைன்னு தெரிஞ்சா நிராகரிப்பாங்க. அப்புறம் பதிவை சரி பண்ண அலையுறது செல்விதான்.

சரவணன் (7:34): ஆனா மணிவேல் அண்ணே, அடுத்த வருஷம் என் தம்பி கட்டுற வீட்டுல நிஜமாவே ஆறு மாசம் போனா அப்போ மாறலாமா?

மணிவேல் (7:35): வீட்டு வேலையை விட்டுட்டு அதையே முழுநேரமா பார்த்தா கேட்கலாம். மாத்தித் தர்றாங்களா, பழசை ரத்து பண்ணிப் புதுசாப் போடச் சொல்றாங்களாங்குறதை உங்க ஏரியா தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துல, சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுல கேட்டுக்கணும். அது அவங்க முடிவு.

கீதா (7:38): சரி, வீட்டுப் பணியாளர் வாரியம். பேப்பர் சொல்லுங்க.

மணிவேல் (7:49): ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வங்கிப் புத்தகத்தோட முதல் பக்கம், ஒரு போட்டோ, பணிச்சான்று, நாமினியோட விவரம். ஆதார்ல மொபைல் நம்பர் இணைச்சிருக்கணும். ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். அந்த சிம்மை மாத்திட்டாங்கன்னா முதல்ல ஆதார் மையத்துக்குப் போய் நம்பரைப் புதுப்பிக்கணும், அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்.

பேருதான் பெரும்பாலும் சிக்கல். ஆதார்ல "செல்வி மு", ரேஷன் கார்டுல "முத்துச்செல்வி", பாஸ்புக்குல இங்கிலீஷ்ல வேற மாதிரின்னு இருக்கும். விண்ணப்பம் அலுவலகத்துல பார்க்குறப்ப ஒரே ஆளான்னு சந்தேகம் வந்தா திருப்பி அனுப்புவாங்க. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆதார்ல இருக்குற பேருதான் கடைசி வரைக்கும் நிக்கும், அதனால மத்ததை அதுக்கு ஏத்தபடி மாத்துங்க.

கீதா (7:52): பார்த்தேன். இப்போதான் செல்வி போட்டோ எடுத்து அனுப்புச்சு. ஆதார், ரேஷன் கார்டு ஒரே மாதிரிதான் இருக்கு. பாஸ்புக் பழசு. IFSC LAVB-ன்னு ஆரம்பிக்குது.

மணிவேல் (7:56): நல்ல வேளை இப்பவே பார்த்தீங்க. அது லட்சுமி விலாஸ் வங்கிக் கோடு. அந்த வங்கி 2020 கடைசியில டி.பி.எஸ். வங்கியோட சேர்ந்துடுச்சு. பழைய கோடை அப்படியே போட்டா, உதவித்தொகை ஒப்புதல் ஆகியும் பணம் கணக்குல ஏறாம திரும்பிடலாம். வங்கிக்குப் போய்ப் புது பாஸ்புக் வாங்கச் சொல்லுங்க. கணக்கு நடப்புல இருக்கான்னும் கேட்கச் சொல்லுங்க. ரொம்ப நாளா பணம் போட்டு எடுக்காத கணக்கு முடங்கிப் போயிருக்கும்.

பாக்கியம் (8:03): மணி, எங்க அண்ணிக்கு வந்த சிக்கலைச் சொல்றேன். அண்ணன் கட்டுமான வாரியத்துல பதிஞ்சப்ப நாமினியா அவங்க அம்மா பேரைப் போட்டிருந்தார். அம்மா அவருக்கு முன்னாடியே இறந்துட்டாங்க, பேரை மாத்தவே இல்ல. அண்ணன் போனதும் அண்ணி வாரிசுச் சான்று, அது இதுன்னு தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்தாங்க. செல்விகிட்ட நாமினி விஷயத்தை மறக்காம சொல்லுங்க.

மணிவேல் (8:06): சரியா சொன்னீங்க அக்கா. கல்யாணம், சாவுன்னு வீட்டுல ஏதாவது நடந்தா நாமினி பேரை அப்பவே மாத்திடணும்.

கீதா (8:09): செல்வி கேட்குது, பொண்ணுக்குப் படிப்புப் பணம் யார் பேருல கேட்கணும்? அம்மாவா அப்பாவா?

மணிவேல் (8:17): ஒரு பிள்ளைக்கு ஒரு வாரியத்துலதான் கேட்கணும். செல்வி பேருல பதிவு இன்னும் வரல. அப்பா ஏற்கெனவே கட்டுமான வாரியத்துல இருக்கார்னா அவர் பேருல கேளுங்க. காலேஜ்லேர்ந்து, இவங்க இந்த வருஷம் இந்தப் படிப்புப் படிக்குறாங்கன்னு ஒரு சான்று வாங்கணும். அப்பாவோட அட்டை எப்ப வரைக்கும் செல்லும்னு பாருங்க.

கீதா (8:24): 2019ல எடுத்தது. 2024லேயே முடிஞ்சுடுச்சு.

மணிவேல் (8:29): அதான் பயந்தேன். பதிவு 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். பணம் கிடையாது, ஆனா யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க. அட்டை செல்லாத காலத்துல பொண்ணு காலேஜ் சேர்ந்திருக்கு. அந்த வருஷத்துக்கு இப்பக் கேட்டா நிராகரிக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதல்ல புதுப்பிச்சுடுங்க, அடுத்த கல்வியாண்டுக்குத் தாராளமா கேட்கலாம். புதுப்பிக்கவும் பணிச்சான்று வேணும், சரவணன் சாரே போட்டுக் கொடுக்கலாம்.

ரமேஷ் (8:31): பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் 1,500 ரூபாய்க்கு எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேன்னு போர்டு வச்சிருக்கார். அங்க விட்டுடலாமா?

மணிவேல் (8:35): வேணாம். பதிவு இலவசம். சேவை மையத்துல அப்லோட் பண்ற சின்ன கட்டணத்தோட முடிச்சுக்கலாம். இடைத்தரகர்கிட்ட விட்டா தன் மொபைல் நம்பரைப் போட்டுடுவார். அப்புறம் அலுவலகத்துலேர்ந்து வர்ற தகவலும், விண்ணப்பத்துல குறை இருக்குங்குற செய்தியும் அவருக்குப் போகும், செல்விக்குத் தெரியவே தெரியாது.

பாக்கியம் (8:38): எங்க தெருக் கடைசியில இருக்குற ராணியம்மாவுக்கு 61 ஆகுது. அவங்களும் வீட்டு வேலைதான். அவங்களையும் சேர்த்துடலாமா?

மணிவேல் (8:40): 18லேர்ந்து 60 வயசு வரைக்கும்தான் புதுப் பதிவு அக்கா. ராணியம்மாவுக்கு இனி வாரியம் கிடையாது. முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்துல மனு போடச் சொல்லுங்க. செல்விக்கு 47, நேரம் இருக்கு. 60 ஆனதும் வாரிய ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனா ஒருத்தருக்கு வாரிய ஓய்வூதியமும் முதியோர் உதவித்தொகையும் ரெண்டும் சேர்ந்து கிடைக்காது.

கீதா (8:44): நன்றி அண்ணா. பணிச்சான்று மாதிரிப் படிவம் உங்ககிட்ட இருந்தா இங்க போடுங்க. நானும் ஜெயா டீச்சரும் கையெழுத்துப் போடுறோம்.

ஜெயா டீச்சர் (8:45): நான் தயார். எத்தனை வருடமாக வேலை செய்கிறாள் என்பதையும் எழுதலாமா?

மணிவேல் (8:47): எழுதுங்க டீச்சர், உண்மையான வருஷத்தை எழுதுங்க. உங்க முகவரி, போன் நம்பர் தெளிவா இருக்கணும். அலுவலகத்துலேர்ந்து விசாரிக்கப் போன் வந்தா எடுத்துப் பேசுங்க, எடுக்கலன்னா விண்ணப்பம் அங்கேயே நின்னுடும். படிவத்தைக் காலைல அனுப்புறேன். வங்கி வேலை முடிஞ்ச பிறகு அப்லோட் பண்ணுங்க.